பச்சைச் சளியும் நாள் கணக்கும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மச்சான் யோகு,

உன் கடிதம் கிடைத்தது. சிறுபோக வெட்டு முடிந்து நெல்லும் விற்றாயிற்று என்று எழுதியிருந்தாய், நல்லது. மகளுக்குச் சம்பந்தம் சரிவந்ததும் சந்தோசம். ஆனால் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாயே, மூக்கு அடைத்துக் கன்னம் கனக்கிறது, சளி பச்சையாக வருகிறது, வழக்கமான அலர்ஜிதான் போல, மனுசி மிச்சம் வைத்த அமொக்சிசிலினைப் போடவா என்று. போடாதே. கொஞ்சம் பொறு.

பச்சையைக் கண்டதும் எல்லாரும் பயப்படுகிறார்கள். இருபது வருசமாகப் பாமசியில் நிற்கிறேன், டிசுவை விரித்துக் காட்டி அன்ரிபயோட்டிக் கேட்டவர்களும் உண்டு. அந்த நிறம் கிருமியின் நிறம் இல்லை. கிருமியோடு சண்டைக்குப் போகிற நம் வெள்ளை அணுக்களுக்குள் பச்சையாக ஒரு நொதி இருக்கிறது, அவை செத்துச் சிதையும்போது சளிக்கு அந்த நிறம் வருகிறது. சாதாரண வைரஸ் தடிமனிலும் மூன்றாம் நான்காம் நாளில் சளி தடித்துப் பச்சையாகும், பிறகு தானாகத் தெளியும்.

நீ இதையும் அலர்ஜி என்று நினைக்கிறாய். கச்சான் காற்று கிளம்பினால், சூடடித்த தூசு பறந்தால், உனக்குத் தும்மல் பத்துப் பன்னிரண்டாக வருமே, கண்ணையும் மூக்கையும் தேய்த்துத் தேய்த்துச் சிவந்துபோகுமே, மூக்கால் வெறும் தண்ணி மாதிரி ஓடுமே, அதுதான் அலர்ஜி. அதில் அரிப்பு முன்னுக்கு நிற்கும். காய்ச்சல் வராது. தூசை விட்டு விலகினால் குறையும். கன்னத்துக்குள் யாரோ இருந்து அமுக்குவது போன்ற நோவும், கட்டிச் சளியும், மணம் தெரியாமல் போவதும் அரிப்பில்லாமல் வந்தால் நான் சைனஸ் என்று சொல்கிற பீனிசத்தைத்தான் யோசிப்பேன்.

எனக்கே போன மாசியில் பிசகிவிட்டது. பேரனிடமிருந்து தடிமன் தொற்றியது, ஐந்தாம் நாள் நன்றாகச் சுகம், வெளியே போனேன். ஏழாம் நாள் திரும்பக் காய்ச்சல், வலது கன்னம் மட்டும் கனம், செருப்பு வாரைப் பூட்டக் குனிந்தால் முகம் வெடிக்கும்போல, மேல்கடைவாய்ப் பல் எல்லாம் கூசியது. நானோ அலர்ஜி என்று பிரிற்றன் குளிசையைப் போட்டுப் படுத்தேன். தூக்கம் வந்ததே தவிரச் சளி இன்னும் காய்ந்து பசையாகியது. டொக்டரிடம் போனால் அவர் நிறத்தைக் கேட்கவேயில்லை, “இண்டைக்கு எத்தனையாவது நாள், இடையில் சுகமானதா?” என்றுதான் கேட்டார்.

அதுதான் கணக்கு. பத்து நாள் தாண்டியும் கொஞ்சமும் குறையாமல் இருந்தால், அல்லது என்னைப்போல் குறைந்து திரும்பக் கூடினால், அல்லது தொடக்கத்திலேயே 39 பாகைக் காய்ச்சலும் சீழ்ச்சளியும் மூன்று நாலு நாள் விடாமல் இருந்தால், பக்டீரியா இறங்கியிருக்கலாம். அப்போது அன்ரிபயோட்டிக் வேண்டுமா, எத்தனை நாளைக்கு என்று டொக்டர் தீர்மானிப்பார். உன் வீட்டில் மிச்சமிருக்கிற ஆறு குளிசை எதற்கும் காணாது. பெரும்பாலான பீனிசம் வைரஸால் வருவது, அதற்கு அந்த மருந்தால் ஒரு பயனும் இல்லை.

கன்னத்து எலும்புக்குள் இருக்கிற காற்றறைக்கு வாசல் அடியில் இல்லை மச்சான், மேலே இருக்கிறது. குளத்துத் துருசைக் கட்டின் உச்சியில் வைத்த மாதிரி. நுண்ணிய மயிர்கள் சளியை மேலே தள்ளித் தள்ளித்தான் வெளியேற்றுகின்றன. தடிமனில் அந்தச் சின்ன வாசல் வீங்கி மூடினால் உள்ளே தேங்கும், தேங்கினால் நோகும். அதனால் சளியை இளக்குவதுதான் உன் வேலை: கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் கால் லீற்றர், அதில் அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை அப்பச்சோடா. குனிந்து நின்று ஒரு பக்கத்தால் விட்டு மறுபக்கத்தால் வரவிடு, நாளுக்கு இரண்டு தரம். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் மூக்கில் விடவே கூடாது. நோவுக்குப் பனடோல். மூக்கடைப்புச் சொட்டு மருந்தை மூன்று நாளுக்கு மேல் விடாதே, பிறகு அதை நிறுத்தினாலே மூக்கு அடைக்கத் தொடங்கிவிடும். வேது பிடிப்பதென்றால் சட்டியை மடியில் வைக்காதே.

கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, தாங்க முடியாத தலையிடியோடு கழுத்து விறைத்தாலோ அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போ. இன்னுமொன்று, ஒரே பக்கத்தால் மட்டும் நாற்றமாகச் சளி வந்தால் மேல்பல்லைக் காட்டு. நீ வருசக்கணக்காகப் பிடுங்காமல் வைத்திருக்கிற அந்தச் சொத்தைப் பல் எந்தப் பக்கம்?

தடிமன் தொடங்கியது எந்தக் கிழமை என்று எண்ணிப் பார்த்து எழுது. கல்யாணத்துக்கு முதல்நாளே நாங்கள் வந்துவிடுவோம்.

உன்,
தவம்