பணம் ‘பெண்டிங்’, படம் நிராகரிப்பு: எதை முதலில் சரிசெய்வது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாட்களில் எங்களிடம் வருகிறவர்களின் குறை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். பணம் கட்டியும் ‘பெண்டிங்’ என்று நிற்கும். இல்லையென்றால் புகைப்படம் நிராகரிக்கப்பட்டிருக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் பலரும் படத்தைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். பணத்தை முதலில் பாருங்கள். விண்ணப்பத் தேதி முடிந்த பிறகு திறக்கும் திருத்தக் காலம், பல தேர்வுகளில் கட்டணம் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். கட்டணம் நிலுவையில் இருந்தால் அந்தக் கதவே உங்களுக்குத் திறக்காமல் போகலாம்.

வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்துவிட்டாலே கட்டணம் சேர்ந்ததாக ஆகாது. வங்கிக்கும் தேர்வுத் தளத்துக்கும் நடுவில் பேமெண்ட் கேட்வே ஒன்று இருக்கிறது. பணம் எடுக்கப்பட்ட தகவல் அதன் வழியாகத் தளத்துக்குத் திரும்பி வரும் நேரத்தில் இணைப்பு அறுந்தாலோ, அவசரப்பட்டு பக்கத்தை மூடிவிட்டாலோ, பணம் போயிருக்கும், தளத்துக்குத் தெரிந்திருக்காது. இரு தரப்புக் கணக்கையும் பிறகு ஒப்பிட்டுப் பார்த்து இதைச் சரிசெய்வார்கள். அதனால் ‘பெண்டிங்’ என்று பார்த்ததும் மறுபடி கட்டிவிடாதீர்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, வெளியேறி மீண்டும் உள்ளே போய்ப் பாருங்கள். கட்டண நிலையைச் சரிபார்க்கும் பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். உறுதிப்படுத்தும் பக்கம் தரவிறங்கினால்தான் கட்டணம் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

‘தோல்வி’ என்று வந்துவிட்டால் தாராளமாக மறுபடி கட்டலாம். எடுத்த பணம் பொதுவாக அதே கணக்குக்குத் திரும்பிவிடும். சிக்கல் கடைசி நாளில் மாலை வரை ‘பெண்டிங்’ மாறாதபோதுதான். அப்போது உதவி மையத்துக்குப் பரிவர்த்தனை எண்ணோடு எழுதிவிட்டு, தகவல் கையேடு இரண்டாம் முறை கட்ட அனுமதித்தால் கட்டிவிடுங்கள் என்றுதான் நாங்கள் சொல்வோம். கூடுதலாகப் போன பணம் திரும்பி வர வழி உண்டு. தவறிய தேதிக்கு வழியில்லை.

சரி, இனி படம். ஒரு மாணவியின் விண்ணப்பத்தை வைத்துப் பார்ப்போம். கைப்பேசியில் எடுத்த படம், 3000 × 4000 பிக்சல், 3 எம்பி. தளம் கேட்பது 200 கேபிக்குள். வீட்டில் யாரோ ஒரு செயலியில் போட்டு, அளவு இறங்கும் வரை திரும்பத் திரும்பச் சுருக்குகிறார்கள். கேபி இறங்கிவிட்டது, ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணும் புருவமும் கட்டம் கட்டமாக உடைந்திருக்கின்றன. ‘தெளிவில்லை’ என்று நிராகரிப்பு வருகிறது.

இதற்குப் பழைய மூலப்படத்துக்கே திரும்ப வேண்டும். சுருக்கிய படத்திலிருந்து தெளிவை மீட்க முடியாது. முதலில் தலையும் தோளும் வரும்படி வெட்டுங்கள். 3.5 × 4.5 செ.மீ. கேட்டிருந்தால் விகிதம் 7-க்கு 9, அதாவது 2100 × 2700 பிக்சல் அளவுக்கு வெட்டலாம். அப்புறம் அதை 700 × 900 ஆகக் குறைத்து, 85 சதவீதத் தரத்தில் ஜேபெக்காக ஒரே ஒரு முறை சேமியுங்கள். பெரும்பாலும் 200 கேபிக்குள் நின்றுவிடும், முகமும் தெளிவாக இருக்கும். 50 கேபிதான் வரம்பு என்றால் 350 × 450 போதும்.

சில கைப்பேசிகள் படத்தை .heic கோப்பாகச் சேமிக்கின்றன. பெயரை மட்டும் .jpg என்று மாற்றினால் தளம் ஏற்காது. ஜேபெக்காக மாற்றிச் சேமிக்க வேண்டும். எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அதுவே படத்தைச் சுருக்கிவிடும். அச்சிட்ட பாஸ்போர்ட் படத்தைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பவே வேண்டாம், பளபளப்பு முகத்தில் வெள்ளையாக விழும். கையெழுத்தை ஏற்ற வேண்டிய இடத்தில் முகத்தை ஏற்றிவிட்டு வருகிறவர்களும் உண்டு, சிரிக்காதீர்கள்.

புதுப் படத்தை ஏற்றிய பிறகும் திரையில் பழையதே தெரியலாம். பிரவுசர் நினைவில் வைத்திருந்ததைக் காட்டுகிறது, அவ்வளவுதான். பதற்றத்தில் மறுபடி ஏற்றாமல், உறுதிப்படுத்தும் பக்கத்தைப் புதிதாகத் தரவிறக்கி அதில் இருக்கும் படத்தைப் பாருங்கள். சில தேர்வுகளில் திருத்தம் ஒரே முறைதான் என்பதால், இறுதிப் பொத்தானை அழுத்துமுன் ஒவ்வொரு புலத்தையும் படித்துவிடுங்கள். திருத்தத்துக்குக் கூடுதல் கட்டணம் கேட்டால் அதையும் கட்டி முடிக்க வேண்டும். அது ‘பெண்டிங்’ ஆனால் திருத்தமும் பதிவாகாமல் போகலாம்.

எங்களிடம் வரும்போது விண்ணப்ப எண், கடவுச்சொல், பரிவர்த்தனை எண், சுருக்காத மூலப்படம், பதிவு செய்த எண் உள்ள கைப்பேசி எல்லாம் கையில் இருக்கட்டும். அந்தக் கைப்பேசி அப்பாவோடு வேலைக்குப் போயிருந்தால் ஓடிபி வராது, வேலையும் நடக்காது. கடைசி நாள் மாலையில் தளமும் கூட்டமும் சேர்ந்து தாமதமாக்கும் என்பதால், முந்தைய நாளே வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கணினி சேவை மையத்தினர்