அவர்கள் வீட்டுப் போன் எண்ணைக் கேட்காதீர்கள்

மாலை நேரங்களில் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ரோந்து வரும் காவலர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 22 ஆண்டுகளாகத் தட்டச்சு செய்பவள். முழங்கால் வலிக்கு மணலில் நடக்கச் சொன்னார்கள். அதனால் வாரத்தில் நான்கு நாள் மாலையில் சென்னைக் கடற்கரை ஒன்றுக்கு வருகிறேன். உங்களில் சிலருக்கு என் முகம் தெரிந்திருக்கும்.

கடந்த கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு ஏழே கால் மணி இருக்கும். கரையேற்றிக் கவிழ்த்திருந்த ஒரு படகின் ஓரத்தில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சுண்டல் பொட்டலம். அவள் தலை அவன் தோளில் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். உங்களில் இருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து டார்ச் விளக்கை அவர்கள் முகத்தில் அடித்தீர்கள். "யார் இந்தப் பெண்?" "என் மனைவி சார்." அடுத்த கேள்வி அவளுக்கு: "ஏம்மா, தாலி எங்கே?"

விளக்கு வெளிச்சம் அவள் முகத்திலிருந்து கழுத்துக்கு இறங்கியது. அவள் சுடிதாரின் கழுத்துக்குள் விரலை விட்டு, மஞ்சள் கயிற்றை வெளியே இழுத்துக் காட்டினாள். கை நடுங்கியதில் கயிறு உடனே வரவில்லை. சங்கிலிப் பறிப்புக்குப் பயந்து நகையை மூடிக்கொண்டு போங்கள் என்று பெண்களுக்கு அறிவுரை சொல்வது காவல்துறைதான். அதைக் கேட்டு மூடிக்கொண்டு வந்தவளைத்தான் நீங்கள் திறந்து காட்டச் சொன்னீர்கள்.

கயிற்றைப் பார்த்த பிறகும் விடவில்லை. "அப்பா நம்பர் சொல், கேட்டுப் பார்க்கிறோம்" என்றீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடல்.

நீங்கள் போன பிறகு அவள் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். கல்யாணமாகி நான்கு மாதம். ஓர் அறையும் சமையலறையும் மட்டுமே உள்ள வீடு. மாமியார், கொழுந்தன், படிக்கும் நாத்தனார் எல்லோரும் அதே வீட்டில். இரவில் நடுவே ஒரு புடவையைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். சண்டை போட்டாலும் சத்தம் வராமல்தான் போட வேண்டும். வாரத்தில் ஒரு மாலை, இந்தப் படகின் ஓரம்தான் அவர்கள் இருவருக்கும் வாய்விட்டுப் பேசக் கிடைத்த இடம்.

எனக்கு அது புரிந்தது. நானும் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள். என் அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை நாங்கள் கேட்டதே இல்லை. அம்மாவுக்கு அப்பா "இந்தாங்க", அவ்வளவுதான். மாதச் சம்பளத்தன்று மந்தார இலையில் மடித்த ஒரு முழம் பூவை வாங்கி வருவார். அதைக் கையில் கொடுக்க மாட்டார். பாட்டி கூடத்தில் உட்கார்ந்திருப்பார். அதனால் கிணற்றடிக்குப் போகிற வழியில் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போவார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா அந்தப் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல் போவார். சாப்பாட்டில் அப்பாவின் தட்டிலேயே அம்மா சாப்பிடுவார். அந்தத் தட்டின் ஓரத்தில் மீனின் நடுத்துண்டு ஒன்று முள் எடுக்கப்பட்டு, யாரும் தொடாமல் எப்போதும் மீந்திருக்கும்.

பஸ்ஸிலும் இப்படித்தான். நகரப் பேருந்தில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். நானும் என் கணவரும் ஏறினால் நான் முன்படியில், அவர் பின்படியில். அவர் பின்னாலிருந்தே எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து, கூட்டத்தின் தலைக்கு மேலே கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டுவார். 'எடுத்தாகிவிட்டது' என்று அர்த்தம். (இப்போது சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய நன்மை. ஆனால் அந்த இரண்டு விரலை நான் இன்றும் தேடுகிறேன்.) நிறுத்தம் வந்தால் நான் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அவர் இறங்குவார். 26 ஆண்டு மண வாழ்க்கையில் தெருவில் நாங்கள் கைகோத்து நடந்ததில்லை. எனக்கு அது கூச்சம். அந்தக் கூச்சத்தை விட்டுவிடு என்று யாராவது சொன்னாலும் விடமாட்டேன்.

ஆகவே நான் மேல்நாட்டு வழக்கத்துக்கு வாதாட வரவில்லை. எல்லா ஊருக்கும் ஒரு கோடு உண்டு, அது ஊருக்கு ஊர் மாறும். பிரான்சில் இரண்டு பேர் சந்தித்தால் கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிடுவது வெறும் வணக்கம். 2010 இல் துபாயில், உணவகம் ஒன்றில் முத்தமிட்டுக்கொண்டதாக ஒரு பிரிட்டிஷ் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. கன்னத்தில்தான் முத்தமிட்டோம் என்று அவர்கள் சொன்னது எடுபடவில்லை. நம் ஊரில் இரண்டு ஆண் நண்பர்கள் விரல் கோத்துக்கொண்டு கடைத்தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதையே லண்டனில் செய்தால் காதலர்கள் என்று நினைப்பார்கள். தொடுதல் ஒன்றுதான், யார் யாரைத் தொடலாம் என்ற கணக்கு மட்டும் இடத்துக்கு இடம் வேறாகிறது.

நம் கோடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு நம் இருவரையும்விட நன்றாகத் தெரியும். அதனால்தான் வெளிச்சத்தை விட்டுப் படகின் மறைவுக்குப் போனார்கள், யார் கண்ணும் உறுத்தாத அளவில் உட்கார்ந்தார்கள். நம் சமூகம் கேட்கிற அடக்கத்தோடுதான் இருந்தார்கள். ஆனால் மறைவாக உட்கார்ந்ததையே நீங்கள் குற்றத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறீர்கள்.

இனி சட்டம். பொது இடத்தில் ஆபாசமாக நடப்பதைத் தண்டிக்கும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294 ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 296 ஆகியிருக்கிறது. மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விட வேண்டிய குற்றம். பொது இடத்தில் செய்தார்கள் என்பது மட்டும் இதற்குப் போதாது. செயல் ஆபாசமாக இருக்க வேண்டும், அதனால் மற்றவர்களுக்குத் தொல்லை ஏற்பட்டிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் குற்றம். அன்று அந்தப் படகின் பக்கம் நடந்துகொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு ஒரு தொல்லையும் இல்லை, யாரும் உங்களிடம் புகார் சொல்லவும் இல்லை. டெல்லியில் மெட்ரோ தூண் ஒன்றின் அருகே முத்தமிட்டதாக ஓர் இளம் தம்பதியின் மீது இதே பிரிவில் போலீஸ் வழக்குப் போட்டது. போலீஸ் சொன்னதை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு தம்பதி அன்பை வெளிப்படுத்தியது எப்படி ஆபாசக் குற்றமாகும் என்று 2009 இல் டெல்லி உயர் நீதிமன்றம் கேட்டது. அங்கே முத்தம், இங்கே தோளில் சாய்ந்த தலை.

அந்தப் பிரிவை எத்தனையோ முறை நான் தட்டச்சு செய்திருக்கிறேன். அதில் தாலி என்ற சொல்லே கிடையாது. தாலி இருந்தால் விடலாம், இல்லாவிட்டால் மிரட்டலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அன்று அவள் கயிற்றைக் காட்டியபோது இருபதடி தள்ளி இன்னொரு ஜோடி சத்தமில்லாமல் எழுந்து போனது. அவர்களிடம் காட்டக் கயிறு இருந்திருக்காது. 18 வயது நிரம்பிய இரண்டு பேர் மணலில் உட்கார்ந்து பேசுவதற்குக் கயிறு எதற்கு?

இப்போது அந்த எண். "வீட்டுக்குப் போன் போடட்டுமா?" என்பது உங்களுக்கு ஒரு நிமிட வேலை. வழக்கு இல்லை, எழுத்து வேலை இல்லை, பையன் பயந்து எழுந்து போய்விடுவான். ஆனால் அந்த இருவரும் வேறு வேறு சாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் அப்பாவுக்கு அதுவரை எதுவும் தெரியாது. உங்கள் அழைப்பில்தான் பையனின் பெயரும் ஊரும் அவருக்குத் தெரிகிறது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதற்காக சங்கர் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டதை நாடே பார்த்தது. இப்படிப்பட்ட தம்பதிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்க வேண்டும் என்று 2018 இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு பிரிவு அவர்களை ஒளித்துக் காக்க வேண்டும் என்றிருக்கும்போது, ரோந்துக் காவலர் போன் போட்டு அவர்களைக் காட்டிக்கொடுக்கலாமா?

அந்தக் கேள்வியில் உங்களுக்கும் ஆபத்து உண்டு. 2001 அக்டோபரில் வதோதராவில் நள்ளிரவுக்குப் பிறகு பைக்கில் வந்த ஒருவரையும் அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணையும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் நிறுத்தினார். அந்தப் பெண்ணோடு தனியாக இருக்க வேண்டும் என்று கேட்டார், கடைசியில் பையனின் கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டு விட்டார். வேலை போயிற்று. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பணிநீக்கத்தை உறுதி செய்தது. ஒழுக்கத்தைக் கண்காணிப்பது போலீஸின் வேலை இல்லை என்று தீர்ப்பிலேயே எழுதியது. நீங்கள் எல்லோரும் அப்படி என்று நான் சொல்லவில்லை, என் தம்பியும் காக்கிச் சட்டைக்காரன்தான். ஆனால் இருட்டு, பயந்த ஒரு ஜோடி, வெளியே தெரியக் கூடாத ஒரு ரகசியம் என மூன்றும் ஓரிடத்தில் சேரும்போது, நல்ல காவலரின் விளக்குக்கும் கெட்டவரின் விளக்குக்கும் எதிரே நிற்பவளால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

ரோந்து வராதீர்கள் என்று சொல்லவில்லை. வாருங்கள். ஒருவனோடு உட்கார்ந்திருக்கும் பெண் அவன் கையை உதறி எழப் பார்க்கிறாளா, பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமியைப் பெரியவன் ஒருவன் அழைத்து வந்திருக்கிறானா, படகுக்குப் பின்னால் நின்று எவனாவது செல்போனில் மற்றவர்களைப் படம் எடுக்கிறானா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் விளக்கை மணலில் அடித்து, அந்தப் பெண்ணிடம் மட்டும், "ஏதாவது உதவி வேண்டுமாம்மா?" என்று கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் நடந்துவிடுங்கள். இரவு நேரமாகிவிட்டதால் எழுப்ப வேண்டுமென்றால் எல்லோரையும் எழுப்புங்கள், குடும்பத்தோடு வந்தவர்களையும், என்னையும் சேர்த்து.

அன்று அவர்கள் இருவரும் எழுந்தபோது அவன் குனிந்து அவளுடைய செருப்பையும் தன்னுடையதோடு சேர்த்துக் கையில் எடுத்துக்கொண்டான். சாலை வரை ஓர் ஆள் இடைவெளி விட்டுத்தான் நடந்தார்கள். நிறுத்தத்தில் செருப்பைக் கீழே வைத்தான். பஸ் வந்தது, அவள் முன்படியில் ஏறினாள், அவன் பின்படியில். அதற்குப் பிறகு பதினோரு ஞாயிறு ஆகிவிட்டது. அந்தப் படகு அங்கேயேதான் இருக்கிறது, அவர்களைக் காணவில்லை. நீங்கள் எங்காவது பார்த்தால், தயவுசெய்து விளக்கை அணைத்துவிட்டுக் கடந்து போங்கள்.

இப்படிக்கு,
மாலையில் உங்கள் கரையில் நடக்கும் ஒருத்தி