கடன் பேரேட்டில் இன்னும் மூன்று கட்டம் போட்டுத் தாருங்கள்

எங்கள் ஊராட்சிக் கூட்டமைப்பின் நிர்வாகிகளுக்கும் குழுக்களின் கணக்கு எழுதும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

பாம்பன் பக்கத்து மகளிர் குழு ஒன்றில் நான் உறுப்பினர். நாங்கள் 12 பேர், மாதச் சந்தா 200 ரூபாய், உள்கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. பத்தாம் தேதி கூட்டம். புது வருடத்துக்கான பேரேடுகளை நீங்கள் அச்சடிக்கப் போவதாகச் சொன்னார்கள். அதற்கு முன் எங்கள் குழுவில் நடந்த ஒன்றை நீங்கள் கேட்க வேண்டும்.

மழைக்காலம் முடிந்து கூரையைச் சரிசெய்ய ஓர் அக்கா ஜனவரியில் 10,000 ரூபாய் கடன் வாங்கினார். மாதம் ஆயிரம் அசல், அதோடு பாக்கிக்கு வட்டி. பிப்ரவரியில் 1,100 கட்டினார், மார்ச்சில் 1,090, ஏப்ரல் பத்தாம் தேதி 1,080. அசல் பாக்கி 7,000. அவர் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், படகு கரையில். மே, ஜூன் இரண்டு கூட்டத்திலும் அவரால் கட்ட முடியவில்லை. "தொழில் தொடங்கட்டும் அக்கா, சேர்த்துக் கட்டுங்க" என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். தீர்மானமும் எழுதினோம்.

ஜூலையில் அவர் 1,210 ரூபாய் கொண்டுவந்தார். ஆயிரம் அசல், மூன்று மாத வட்டி 210. சரியான தொகை. ஆனால் எங்கள் பேரேட்டில் ‘கட்டியது’ என்று ஒரே கட்டம்தான். அதில் 1,210 என்று எழுதி, 7,000-இல் கழித்து, பாக்கி 5,790 என்று போட்டுவிட்டார்கள். 6,000 இருந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் கூட்டத்தில் வட்டி 58 ரூபாய் என்று படித்ததும் பக்கத்தில் இருந்தவர், "ஆயிரம் ஆயிரமா கழியுற கடனுக்கு எப்படி 58 வரும்?" என்று கேட்டார். அப்போதுதான் பிடிபட்டது. அவர் கேட்காமல் இருந்தால் அந்த 210 ரூபாய் வட்டி வரவில் ஏறியே இருக்காது. அது 12 பேருக்கும் பொதுவான காசு, ஆளுக்கு 17 ரூபாய் 50 காசு. சின்னத் தொகைதான். ஆனால் தடைக்காலம் கடந்த எல்லாக் கடனிலும் இப்படி எழுதினால் வருடக் கடைசியில் வட்டியைப் பங்கிடும்போது எதை வைத்துப் பங்கிடுவது? அதைவிட மோசம், வேறு யாராவது ரஃப் நோட்டைப் பார்த்து, ‘வட்டி பாக்கி 210’ என்று அந்த அக்காவிடமே திரும்பக் கேட்டிருக்கலாம். கட்டிய மனுஷியைக் கட்டாதவராக்கி நிறுத்துவதை என்னால் தாங்க முடியாது.

இதில் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, சரிபார்ப்பில் இந்தத் தவறு சிக்கவே இல்லை என்பது. நாம் எல்லோரும் செய்யும் சரிபார்ப்பு இதுதான்: மொத்தச் சேமிப்பும் இதுவரை வந்த வட்டியும் ஒரு பக்கம், வெளியே நிற்கும் கடனும் வங்கி இருப்பும் கையிருப்பும் மறு பக்கம். செலவு இருந்தால் முதல் பக்கத்தில் கழித்துவிடுவோம். 210 ரூபாயை அசலில் கழித்தால் நிற்கும் கடனில் 210 குறையும், வட்டி வரவிலும் அதே 210 குறையும். இரண்டு பக்கமும் சமமாகவே நிற்கும். கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். ரொக்கம் காணாமல் போனால் அந்தச் சரிபார்ப்பு காட்டும், வட்டியும் அசலும் இடம் மாறினால் காட்டாது. பாக்கி தவணைக்கு ஒத்த முழுத் தொகையாக இல்லாமல் உடைந்து நிற்பது ஒன்றுதான் அடையாளம்.

அதனால் ஒரே கட்டத்தை மூன்றாகப் பிரித்து அச்சடியுங்கள்: அசல் கட்டியது, வட்டி கட்டியது, வட்டி பாக்கி. மே மாதம் கட்டாத 70 ரூபாய் வட்டி பாக்கியில் உட்காரட்டும், ஜூனில் அது 140 ஆகட்டும். அதை அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போட வேண்டாம். பணம் வந்ததும் முதலில் வட்டி பாக்கி, பிறகு அந்த மாத வட்டி, மிச்சம் அசலுக்கு. ஜூலையில் அந்த அக்கா 500 மட்டும் கொண்டுவந்திருந்தாலும் கணக்குத் தெளிவாக இருந்திருக்கும்: 140 போகும், 70 போகும், 290 அசலில் கழியும், பாக்கி 6,710.

அப்புறம், சில குழுக்களில் இன்னும் முதலில் வாங்கிய தொகைக்கே மாதாமாதம் வட்டி வாங்குகிறார்கள். பத்தாயிரத்துக்குப் பத்து மாதமும் நூறு நூறாக 1,000 ரூபாய். பாக்கிக்குப் போட்டால் 550-தான். ஒரு ரூபாய் வட்டி என்று தீர்மானத்தில் எழுதிவிட்டு ஏறக்குறைய இரண்டு மடங்கு வாங்குகிறோம். வட்டிக் கட்டத்துக்கு முன்னால் ‘மாதத் தொடக்க அசல் பாக்கி’ என்று ஒரு கட்டம் இருந்தால் எதற்கு வட்டி போடுகிறோம் என்று எழுதும் கைக்கே தெரியும்.

ஏப்ரல் கூட்டத்துக்கு முன் புதுப் பேரேடு குழுக்களுக்கு வந்துவிட வேண்டும். மே பத்தாம் தேதி கட்ட முடியாதவர்கள் எங்கள் குழுவில் மட்டும் ஐந்து பேர் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு குழு உறுப்பினர்