பத்து மடங்குக்குள் ஒளிந்திருக்கும் வளர்ச்சி

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலைத் திட்டத்தை மதிப்பிட்டுக் காட்டியிருந்த கட்டுரையைப் படித்தேன். முதல் ஐந்து ஆண்டுகளின் கணக்கில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஆறாம் ஆண்டிலிருந்து வரப்போகும் அத்தனைக்கும் சேர்த்து, ‘ஐந்தாம் ஆண்டு எபிட்டாவின் பத்து மடங்கு’ என்று ஒரே வரியில் கட்டுரையாளர் முடித்துவிட்டார். எபிட்டா என்பது வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபம். பங்குச் சந்தையில் உள்ள பேக்கேஜிங் நிறுவனங்களுக்கு அந்த மடங்குதான் கிடைக்கிறது என்பது அவர் சொல்லும் காரணம். இந்த எக்ஸிட் மல்டிபிள் முறை தப்பில்லை. அந்தப் பத்துக்குள் எவ்வளவு வளர்ச்சி புதைந்திருக்கிறது என்று பார்க்காமல் விட்டதுதான் தப்பு.

அவர் தந்த எண்களையே எடுத்துக்கொள்கிறேன். முதலீடு 100 கோடி, டிஸ்கவுண்ட் ரேட் 12 சதவீதம். ஐந்தாம் ஆண்டு எபிட்டா 20 கோடி. வரி, இயந்திரச் செலவு, நடைமுறை மூலதனம் எல்லாம் போக அந்த ஆண்டு கையில் நிற்பது 8 கோடி. பத்து மடங்கு என்றால் இறுதி மதிப்பு 200 கோடி.

இனி இதைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். 200 கோடியை 12 சதவீதத்தால் பெருக்கினால் 24 கோடி. அதில் 8 கோடியைக் கழித்தால் 16 கோடி. அதை 208 கோடியால் (இறுதி மதிப்பும் கடைசி ஆண்டு ரொக்கமும் சேர்ந்தது) வகுத்தால் 7.7 சதவீதம். அதாவது, இந்தத் தொழிற்சாலையின் ரொக்க வரவு ஆறாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 7.7 சதவீதம் வீதம் முடிவே இல்லாமல் வளரும் என்று நம்புகிறவருக்குத்தான் 200 கோடி சரியான விலை. கட்டுரையில் இந்த 7.7 எங்குமே வரவில்லை.

நாட்டின் பொருளாதாரமே விலைவாசியையும் சேர்த்து அதைவிட வேகமாக வளர்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நாடு வளர்வது புதுப்புது ஆலைகள் வருவதால். நாம் மதிப்பிடுவது ஒரே ஒரு ஆலையை. அதன் இயந்திரங்கள் முழுத் திறனில் ஓடத் தொடங்கியபின் பெட்டிகளின் எண்ணிக்கை கூடாது, விலை மட்டுமே கூடும். ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4 சதவீதம். கொஞ்சம் தாராளமாக 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

வளரும் நிரந்தர வரவு முறைப்படி, அடுத்த ஆண்டு ரொக்கம் 8.4 கோடி. அதை 12க்கும் 5க்கும் உள்ள இடைவெளியான 7 சதவீதத்தால் வகுத்தால் 120 கோடி. எபிட்டா கணக்கில் ஆறே மடங்கு.

இதை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 200 கோடி ஏறக்குறைய 113 கோடி ஆகிறது, 120 கோடி 68 கோடி ஆகிறது. முதல் ஐந்து ஆண்டு ரொக்கத்தின் இன்றைய மதிப்பு 21 கோடிதான். ஆகவே 100 கோடி முதலீட்டைக் கழித்தால் ஒரு முறையில் திட்டம் 34 கோடி லாபம் காட்டுகிறது, இன்னொன்றில் 11 கோடி நஷ்டம். முதல் ஐந்து ஆண்டு எண்களில் ஒன்றுகூட மாறவில்லை!

நிரந்தர வரவு முறை யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. அதே 8 கோடிக்கு 7 சதவீத வளர்ச்சி போட்டால் 171 கோடி, 8 சதவீதம் போட்டால் 216 கோடி. எக்செல்லில் ஒரு கட்டத்தைத் தட்டினால் போதும். இங்கே நான் அதிகம் பார்க்கும் கோளாறு, வளர்ச்சியை உயர்த்திவிட்டு ரொக்கத்தை 8 கோடியாகவே விட்டுவிடுவது. கூடுதல் பெட்டி வேண்டுமென்றால் கூடுதல் இயந்திரம் வாங்க வேண்டும். வளர்ச்சி ஏறும்போது ஆரம்ப ரொக்கம் இறங்கியாக வேண்டும். இறங்கவில்லை என்றால் யாரோ வேண்டிய விடைக்குத் தக்கபடி கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மடங்கு முறைக்கும் ஒரு நல்ல பயன் உண்டு. 120 கோடி கிடைத்ததும் அது ஆறு மடங்கு என்று பார்த்து, இதே அளவுள்ள தனி ஆலைகள் உண்மையில் கைமாறிய விலையோடு ஒப்பிடலாம். பல ஆலைகளும் பெரிய வாடிக்கையாளர்களும் உள்ள நிறுவனத்தின் மடங்கு இதற்குப் பொருந்தாது. அதிலும் காகித விலை சாதகமாக இருந்த ஆண்டாக ஐந்தாம் ஆண்டு அமைந்துவிட்டால், உச்சத்தில் இருக்கும் எபிட்டாவை உச்சத்தில் இருக்கும் மடங்கால் பெருக்குகிறோம்.

கட்டுரையின் கடைசிப் பத்தியில் சுங்கச் சாலைத் திட்டங்களுக்கும் இதே வழி என்று எழுதியிருப்பதை மட்டும் ஏற்கவே முடியாது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் சாலையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அதன்பின் விற்பதற்கும் எதுவும் இல்லை, நிரந்தரமாக வருவதற்கும் எதுவும் இல்லை. அங்கே ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு வரை ஆண்டுவாரியாக ரொக்கத்தைக் கணித்து, ஒப்படைக்கும் முன் சாலையைச் செப்பனிடும் செலவையும் கழித்துக் கணக்கை மூட வேண்டியதுதான்.

— ஓய்வுபெற்ற வங்கித் திட்ட மதிப்பீட்டு அலுவலர், கோயம்புத்தூர்