கள ஆய்வுக்கான கல்வி விடுப்பு வேண்டித் தலைமையாசிரியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் முனைவர் பட்ட ஆய்வின் கள ஆய்வுப் பகுதியை முடிப்பதற்காக, வரும் கல்வியாண்டில் எனக்குக் கல்வி விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் வகுப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் போகிறவர்கள் சக ஆசிரியர்கள் என்பதால், நான் எதற்காக, எவ்வளவு காலம் கேட்கிறேன் என்பதை அவர்களும் அறிந்திருப்பதே முறை. அதனால் இதைத் திறந்த மடலாக எழுதி, ஆசிரியர் அறையிலும் ஒரு படி வைத்திருக்கிறேன்.

சென்ற வாரம் பேசியபோது தாங்கள் கேட்ட கேள்வி நியாயமானது: கோடை விடுமுறையிலும் சனி, ஞாயிறுகளிலும் இதைச் செய்ய முடியாதா? முடியாது என்பதற்கான காரணம் ஆய்வுப் பொருளிலேயே இருப்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

தொடக்க வகுப்புக் குழந்தைகள் எகர, ஒகர வரிசை உயிர்மெய் எழுத்துகளைப் படிக்கக் கற்கும் முறையே என் ஆய்வு. இவ்வெழுத்துகளில் உயிர்க்குறி மெய்யெழுத்துக்கு முன்னால் நிற்கிறது. ஒகர வரிசையிலோ அது இருபுறமும் பிரிந்து நிற்கிறது. இடமிருந்து வலமாகப் படிக்கும் குழந்தையின் கண்ணில் முதலில் படும் குறிக்குத் தனியே ஒலியில்லை. அடுத்த எழுத்தைப் பார்த்து, அதன் வலப்புறத்தில் துணைக்கால் இருக்கிறதா என்றும் பார்த்த பிறகே அது வாய் திறக்க முடியும். ‘கொடி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழந்தை இதைக் ‘கடி’ என்று படித்தால், குறிகளை அது கணக்கிலேயே கொள்ளவில்லை. ‘காடி’ என்று படித்தால், துணைக்காலை மட்டும் கண்டு முன்குறியை விட்டுவிட்டது. ‘கெரடி’ என்றால் துணைக்காலை ரகரமாக எண்ணிவிட்டது. ‘கோடி’ என்றாலோ இரு குறிகளையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்துவிட்டது, குறில் நெடில் வேறுபாடு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. விடைத்தாளில் இவை நான்குக்கும் ஒரே தவறுக்குறிதான் விழும். ஆனால் கற்பிப்பவருக்கு இவை நான்கு வெவ்வேறு செய்திகள். ஒரே குழந்தை எந்தத் தவறிலிருந்து எந்தத் தவறுக்கு நகர்ந்து, இறுதியில் சரியாகப் படிக்கத் தொடங்குகிறது என்பதைப் பின்தொடர்வதே என் வேலை.

அந்த நகர்வு, வகுப்பில் இந்த எழுத்துகள் கற்பிக்கப்படும் வாரங்களில்தான் நிகழ்கிறது. கற்பிப்பதற்கு முன் ஒரு சுற்று, கற்பித்து முடித்தவுடன் ஒரு சுற்று, சில மாதங்கள் கழித்து நிலைபெற்றதை அறிய மூன்றாவது சுற்று என, அதே குழந்தைகளை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கோடை விடுமுறையில் குழந்தைகளை ஒன்றுசேர்ப்பதே கடினம். அப்படிச் சேர்த்தாலும், நாம் அளப்பது கற்றலையா, விடுமுறையில் ஏற்பட்ட மறதியையா என்று பிரித்தறிய வழியில்லை. சனிக்கிழமைகளில் வரக்கூடியவர்கள் பெரும்பாலும் வீட்டில் படிக்க உதவி கிடைக்கும் குழந்தைகளாக இருப்பார்கள். அவர்களை மட்டும் கொண்டு எழுதப்படும் ஆய்வை நானே நம்பமாட்டேன்.

கால அளவை நான் கணக்கிட்ட விதம் இது. மூன்று பள்ளிகளில், பள்ளிக்கு நாற்பது பேர் வீதம் 120 குழந்தைகள். ஒவ்வொருவரும் தனியாக அமர்ந்து படிக்கப் பத்து நிமிடம் ஆகும். வகுப்பிலிருந்து அழைத்து வந்து, கூச்சம் தெளியும்வரை பேசி, திரும்பக் கொண்டுபோய் விடும் நேரத்தையும் சேர்த்தால் மணிக்கு நான்கு பேரைத் தாண்டாது. பிற்பகலில் குழந்தைகள் சோர்ந்துவிடுவதால் முற்பகலை மட்டுமே பயன்படுத்த வேண்டும். எனவே நாளொன்றுக்கு எட்டுப் பேர். இதன்படி ஒரு சுற்றுக்குப் பதினைந்து பள்ளி நாள்கள். வராத குழந்தைகளை மீண்டும் சந்திக்கவும் இடையில் விழும் விடுமுறைகளுக்குமாக ஒரு வாரத்தைக் கூட்டினால் நான்கு வாரங்கள். இந்த நான்கு வாரங்களிலும் குழந்தைகள் கற்றுக்கொண்டேதான் இருப்பார்கள் என்பதால், பள்ளிகளின் வரிசையை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றாமல் வைத்து, ஒவ்வொரு குழந்தைக்கும் சுற்றுகளுக்கு இடைப்பட்ட காலம் ஏறத்தாழ ஒன்றாக இருக்குமாறு பார்த்துக்கொள்வேன்.

முதல் இரண்டு சுற்றுகளுக்கு இடையிலும் நான் களத்தில் இருந்தாக வேண்டும். பாடநூலில் வரும் சொற்களைப் பல குழந்தைகள் மனப்பாடமாகவே ஒப்பித்துவிடுவார்கள். விரல் ஒரு சொல்லின் மீதும் வாய் அடுத்த சொல்லின் மீதும் இருப்பதைக் கவனித்தால் இது தெரிந்துவிடும். அதனால் வகுப்பில் எந்தச் சொற்கள் பலகையில் எழுதப்பட்டன, எவை உரக்கச் சொல்லப்பட்டன என்று நேரில் குறித்துவைத்து, வகுப்பில் வராத சொற்களையும் ‘கொமி’ போன்ற பொருளற்ற சொற்களையும் இரண்டாம் சுற்றுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. இந்தக் குறிப்பெடுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்க முடியாது. ஒலிப்பதிவுகளில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும், குழந்தையின் பெயரோ பள்ளியோ தெரியாத மற்றொருவர் தனியே கேட்டு மதிப்பிடுவார். எங்கள் இருவரின் முடிவுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது ஆய்வேட்டில் இடம்பெறும்.

நம் பள்ளியிலேயே இதைச் செய்யலாமே என்று சிலர் அன்போடு சொன்னார்கள். நம் ஆசிரியர் ஒருவர் கேட்கும்போது இங்குள்ள பெற்றோர் மறுப்பது கடினம். அவ்வாறு பெறும் ஒப்புதலை விருப்பத்தோடு தந்த ஒப்புதலாகக் கொள்ள முடியாது. என் மேற்பார்வையாளரும் இதே கருத்துடையவர்.

எனவே நான் கேட்பது முழு ஆண்டு விடுப்பு அன்று. பள்ளி திறக்கும் நாள் முதல் ஐந்து மாதங்கள்; பிறகு பணிக்குத் திரும்பி, ஆண்டுத் தேர்வுக்கான திருப்புதல் தொடங்குவதற்கு முன் மேலும் நான்கு வாரங்கள். இரண்டாம் பகுதி பொதுத்தேர்வு எழுதும் வகுப்புக்குச் சங்கடமான நேரம் என்பதை நான் மறைக்கவில்லை. அவ்வகுப்பை வரும் ஆண்டுக்கு எனக்கு ஒதுக்காமல், இடையில் ஆசிரியர் மாறினாலும் தாங்கக்கூடிய கீழ்வகுப்புகளைத் தருவதே மாணவர்களுக்கு நல்லது என்பது என் கருத்து. விடுப்புக் காலத்துக்குரிய பாடத்திட்டப் பகிர்வு, வினாத்தாள்கள், கட்டுரை திருத்தும் அளவுகோல் ஆகியவற்றை விடுப்புக்கு முன்பே எழுதி ஒப்படைத்துவிடுவேன். பதிலி ஆசிரியர் வராமல் என் பாடவேளைகள் சக ஆசிரியர்கள் தலையில் விழுமானால், விடுப்பின் தொடக்கத்தைத் தள்ளிவைப்பது குறித்துப் பேச நான் ஆயத்தமாகவே இருக்கிறேன். ஆனால் எழுத்துகள் கற்பிக்கப்படும் காலம் கடந்துவிட்டால் அந்த ஆண்டில் முதல் சுற்றே இல்லை என்பதால், அந்த முடிவை மட்டும் பள்ளி திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

ஊதியம் குறித்து நிருவாகம் எடுக்கும் முடிவை ஏற்பேன். ஊதியமில்லா விடுப்பாக இருந்தாலும் பணித்தொடர்ச்சி அறுபடாமல் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். திரும்பி வந்து குறிப்பிட்ட காலம் பணியாற்றுவதற்கான உறுதிப் பத்திரத்தில் கையொப்பமிடவும் இசைகிறேன். அக்காலம் விடுப்பின் அளவுக்கு ஏற்றதாக இருந்தால் போதும்.

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் மூன்று பள்ளிகளின் எழுத்துப்பூர்வ அனுமதியும் கைக்கு வராமல் விடுப்பைத் தொடங்கமாட்டேன். இடையில் ஒரு பள்ளி விலகிக்கொண்டால் மீதி எண்பது குழந்தைகளோடு ஆய்வைத் தொடர மேற்பார்வையாளர் இசைந்திருக்கிறார். இரண்டு பள்ளிகள் விலகினால் விடுப்பை முடித்துக்கொண்டு பணிக்குத் திரும்பிவிடுவேன். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பணி நிலை குறித்த ஒரு பக்க அறிக்கை தங்களுக்கு வரும்.

மேற்பார்வையாளரின் பரிந்துரைக் கடிதமும் கால அட்டவணையும் பாடவேளைப் பகிர்வு வரைவும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் இவ்வேண்டுகோளைப் பொருள்நிரலில் சேர்த்தால், சக ஆசிரியர்களின் கேள்விகளுக்கு அங்கேயே விடையளிப்பேன்.

தங்கள் உண்மையுள்ள,
தமிழாசிரியர்