என் பேரு மூணு ஆளா கிடந்த கதை

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல காலேஜ் ஆராய்ச்சி பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. மத்ததுல எனக்கு ஒண்ணும் குறை இல்லைங்க, ஆனா நடுவுல ஒரு வரி, ‘பெயரை எந்த ஸ்பெல்லிங்கில் எழுதினாலும் கவலையில்லை, கம்ப்யூட்டரே ஆளைக் கண்டுபிடித்துவிடும்’னு. அதை ரெண்டு தடவை படிச்சுட்டு புக்கை மூடி வெச்சுட்டேன். அன்னைக்கு ராத்திரி சரியா தூக்கம் வரல. கண்டுபிடிக்காதுங்க ஐயா. என்னை கண்டுபிடிக்கல.

நான் தாவரவியல் டீச்சர். ஏற்காடு காபி தோட்டங்கள்ல நிழலுக்கு வெச்சிருக்கற சில்வர் ஓக் மரப்பட்டையில வளர்ற லைக்கன் பத்திதான் என் வேலை, இருபது வளைவும் பஸ்ல ஏறி எறங்கி பண்ணது. பிஎச்டி பண்றப்போ அப்பா இனிஷியலோட S. Tamilselvi. அந்த பேர்ல நாலு கட்டுரை. கல்யாணம் ஆச்சு, வேற காலேஜ்ல சேர்ந்தேன், அங்க ஆபீஸ்ல இருந்தவரு ‘இனிமே வீட்டுக்காரர் இனிஷியல்தாங்க மேடம் வரும்’னு என்னை ஒரு வார்த்தை கேக்காமயே ரெக்கார்டுல M-னு மாத்திட்டாரு. சின்ன வயசு, எதிர்த்து பேசத் தெரியல. அடுத்த மூணு கட்டுரை M. Tamilselvi. அப்புறம் ஒரு வெளிநாட்டு ஜர்னலுக்கு அனுப்பறப்போ ஃபார்ம்ல Given name, Family name-னு ரெண்டு கட்டம். ரெண்டாவது கட்டத்தை காலியா விட்டா சப்மிட் ஆக மாட்டேங்குது. நமக்கு ஏதுங்க ஃபேமிலி நேம்? முதல்ல Tamilselvi, ரெண்டாவதுல வீட்டுக்காரர் பேரு Murugan-னு போட்டேன். அச்சுல வந்தப்போ நான் Murugan T ஆயிட்டேன். என் பேரு ஒத்தை எழுத்தா சுருங்கிப் போச்சு, என் வேலை பூரா லைக்கனே பார்க்காத மனுஷன் பேர்ல நின்னுச்சு. அப்படி ரெண்டு கட்டுரை.

இப்ப கம்ப்யூட்டர் என்ன பண்ணுச்சுன்னு கேளுங்க. ஆராய்ச்சிக் கட்டுரைகளை தொகுத்து வெக்கற Scopus மாதிரி டேட்டாபேஸ் எல்லாம் ஒவ்வொரு ஆளுக்கும் தானாவே ஒரு ப்ரொஃபைல் போடும். பேரு, வேலை பார்க்கற இடம், கூட எழுதினவங்க, பாடம், இதையெல்லாம் ஒப்பிட்டு பார்த்துதான் இது அதே ஆளுன்னு சேர்க்கும், சந்தேகம் இருந்தா சேர்க்காம தனியாவே விட்டுடும். எனக்கு இனிஷியல் மாறுன அதே சமயத்துல காலேஜும் மாறுச்சு, கைடும் இல்ல, கூட எழுதறவங்களும் மாறிட்டாங்க. அப்ப அது எதை வெச்சு சேர்க்கும்? மூணு ப்ரொஃபைல் ஆயிடுச்சு. மெஷினைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன், அதுகிட்ட நாம கொடுத்தது அவ்வளவுதான்.

இதனால என்ன போச்சுன்னு கேப்பீங்க. ப்ரமோஷன் இன்டர்வியூவுக்கு போனேன். h-index-னு ஒண்ணு பார்ப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும், 6 கட்டுரை ஒவ்வொண்ணும் குறைஞ்சது 6 தடவை மேற்கோள் ஆயிருந்தா 6. என் ஒன்பது கட்டுரைக்கும் மேற்கோள் 14, 9, 8, 7, 6, 6, 3, 2, 1. சேர்த்து பார்த்தா 6 வருதுங்களா? ஆனா அவங்க கையில இருந்த பிரிண்ட்அவுட்ல S. Tamilselvi மட்டும்தான், அதுல 14, 7, 3, 1. அதுக்கு 3-தான் வரும். M-க்கு 9, 6, 2, முருகனுக்கு 8, 6. ரெண்டுக்கும் ஆளுக்கு 2. கூட்டினாக்கூட தெரியாதுங்க, h-index கூட்டற கணக்கு இல்ல, எல்லாத்தையும் ஒண்ணா போட்டு மறுபடி அடுக்கினாத்தான் 6 வரும். நான் அங்கேயே ‘சார், மத்ததும் நான்தான்’னு சொன்னேன். பேனலில் ஒருத்தர் ‘அதுக்கு என்னம்மா ப்ரூஃப்’னாரு. என் வேலைக்கு நானே ப்ரூஃப் கொடுக்கணுமாம். அந்த வருஷம் ப்ரமோஷன் கிடைக்கல.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். S. Tamilselvi ப்ரொஃபைல்லயே ஒரு நாள் துணிச் சாயத்துல இருந்து கலர் பிரிக்கறது பத்தி ஒரு கெமிஸ்ட்ரி கட்டுரை வந்து உக்காந்திருந்துச்சு. வேற ஊர்ல அதே பேர்ல, அதே இனிஷியல்ல ஒரு அம்மா. அவங்க உழைப்பு என் கணக்குல. அது எனக்கு சந்தோஷமா இருக்குமா, கூசிப் போச்சு. அதனால ஸ்பெல்லிங்கை ஒண்ணா வெச்சா மட்டும் போதும்னும் நான் சொல்ல வரல. நம்ம ஊர்ல ஒரே பேர்ல எத்தனை பேரு, இனிஷியலும் ஒத்துப் போயிடும்.

என் பாடத்துலயே இதுக்கு ஒரு வழி ரொம்ப நாளா இருக்கு, அதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு. செடிப் பேருக்கு பின்னாடி பேரு வெச்சவர் பேரை சுருக்கி எழுதுவோம். காபிச்செடி Coffea arabica L., அந்த L. லின்னேயஸ், வேற யாருக்கும் அது கிடையாது. நம்ம சில்வர் ஓக்குக்கு Grevillea robusta A.Cunn. ex R.Br. R.Br.-ன்னா ராபர்ட் பிரவுன் மட்டும்தான், இன்னொரு பிரவுனுக்கு N.E.Br.-னு தனியா வெச்சிருக்காங்க. யார் யாருக்கு எந்த சுருக்கம்னு 1992-ல லண்டன் கியூ தோட்டத்துல இருந்து ஒரு பெரிய புத்தகமே போட்டாங்க, இன்னைக்கும் அதை ஒட்டித்தான் எழுதறோம். எந்தக் காலத்துலயோ இருந்த ரெண்டு பிரவுனையும் குழப்பமில்லாம பிரிச்சு வெச்சிருக்காங்க, அவங்கள்ல ஒருத்தர் பேரு வெச்ச மரத்து பட்டையை சுரண்டி பார்த்த எனக்கு வழி இல்லாம போச்சு.

ஏற்காட்டையே பாருங்க. Yercaud-னு எழுதறோம், சேர்வராயனை Shevaroy-னு எழுதறோம். உச்சரிப்புக்கு ரெண்டும் ஒட்டவே ஒட்டாது. ஆனா எல்லாரும் அதையே எழுதறதால தேடினா கிடைக்குது. ஸ்பெல்லிங் சரியா இருக்கணும்ங்கறது இல்லைங்க, மாறாம இருக்கணும். போன வருஷம் ஒரு செமினார் மலர்ல ‘ழ தமிழுக்கே சிறப்பு’ன்னு ஆர்வத்துல என் பேரை Thamizhselvi-னு போட்டுட்டாங்க. தமிழ்ப்பற்றுதான், ஆனா எனக்கு நாலாவது பேரு.

சரி, நான் எப்படி சரி பண்ணேன்னு எழுதறேன், நம்ம சேலத்து பிள்ளைங்க யாராவது படிச்சா உதவும். முதல்ல ஒரே பேருன்னு முடிவு பண்ணேன், S. Tamilselvi. ஒட்டி எழுதணும், Tamil Selvi-னு விட்டு எழுதினா Selvi-யை சர்நேம்னு எடுத்துக்கும். அந்த ரெண்டு கட்டத்துல Family name-ல Tamilselvi, Given name-ல S. அப்பத்தான் Tamilselvi S-னு வரும். அப்பா பேரை Family name-ல போட்டா அவர் பேர்லதான் மேற்கோள் போகும். முறை தலைகீழா தெரியும், பரவாயில்ல, நம்ம பேருக்கு அதுதான் பொருந்தும்.

அப்புறம் ORCID. ஏற்காட்டுல இருக்கற ஆர்க்கிட் பூ இல்லைங்க, ஆராய்ச்சி பண்றவங்க ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஒரு 16 இலக்க நம்பர், 2012-ல இருந்து ஃப்ரீயா கொடுக்கறாங்க. பேரு மாறினாலும் நம்பர் மாறாது. அதுல Also known as-னு ஒரு இடம் இருக்கு, என் மத்த பேரு மூணையும் அங்க எழுதினேன், ஒன்பது கட்டுரையையும் சேர்த்தேன். அப்புறமா Scopus-க்கு மூணு ப்ரொஃபைலையும் காட்டி ஒண்ணாக்க சொல்லி, அந்த கெமிஸ்ட்ரி கட்டுரையை எடுக்கவும் சொல்லி ஒரு ரிக்வெஸ்ட். சில வாரம் ஆச்சு, ஆனா சேர்த்துட்டாங்க. மூணு வந்த இடத்துல 6-னு பார்த்தப்போ அழுதுட்டேன்.

ஆனா ஒண்ணு, நம்பர் வாங்கினா மட்டும் ஆகாது, கட்டுரை அனுப்பறப்போ ஜர்னல் சைட்டுல ORCID-ல லாகின் பண்ணி இணைக்கணும். நிறைய ஜர்னல்ல கட்டுரைக்கு பொறுப்பா கடிதப் போக்குவரத்து வெச்சுக்கற கரஸ்பாண்டிங் ஆத்தர்கிட்ட மட்டும்தான் கட்டாயமா கேக்கறாங்க. என் மாணவி அனுப்பின கட்டுரையில என் நம்பர் போகவே இல்ல, நானே கேட்டு சேர்க்க வேண்டியிருந்துச்சு. பழைய கட்டுரையில அச்சான பேரு அப்படியேதான் இருக்கும், அது மாறாது. அதை மேற்கோள் காட்டறவங்களும் ‘டீச்சர் பேரை திருத்தறேன்’னு Murugan T-ஐ Tamilselvi S ஆக்கக் கூடாது, அச்சுல உள்ளபடியே எழுதணும், இல்லேன்னா அந்த மேற்கோள் கட்டுரையோட சேராம தொங்கிடும். திருத்தறது ப்ரொஃபைல்ல, ரெஃபரன்ஸ்ல இல்ல.

இதெல்லாம் நான் ஒருத்தி தனியா உக்காந்து, காலண்டர் தாள் பின்னாடி எண்ணிக்கை போட்டு பண்ணது. காலேஜ்ல சேர்ற அன்னைக்கே ஒருத்தர் ‘பேரை எப்படி எழுதுவீங்க, கடைசி வரைக்கும் அப்படியே எழுதுங்க’ன்னு சொல்லியிருந்தா எதுவுமே ஆயிருக்காது. இப்ப கவலையில்லைன்னு நீங்க அச்சுல போடறீங்க, அதைப் படிச்சுட்டு ஒரு பொண்ணு அடுத்த வாரம் முதல் கட்டுரையை அனுப்புவா, கல்யாணத்துக்கு அப்புறம் வேற இனிஷியல் போடுவா. உங்க பத்திரிகையை இத்தனை வருஷமா வாங்கறேன், இதை உரிமையோடதான் சொல்றேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கருமந்துறை ரோட்டு மரங்களை வெட்டினது பத்தி நான் எழுதின கடிதத்தை ‘எம். தமிழ்செல்வி’ன்னு போட்டீங்க. நான் அனுப்பினது சு. தமிழ்ச்செல்வி. இனிஷியலையும் மாத்தினீங்க, ச்-ஐயும் எடுத்துட்டீங்க. அப்ப ஒண்ணும் எழுதல.

இப்ப கேக்கறது இவ்வளவுதான். அந்த வரி தப்புன்னு அடுத்த இதழ்ல ரெண்டு வரி போடுங்க. கீழ என் பேரை நான் எழுதினபடியே போடுங்க, ச்-ஓட.

இப்படிக்கு,
சு. தமிழ்ச்செல்வி (S. Tamilselvi)
அஸ்தம்பட்டி, சேலம்