கல்விக்கடன்: இரண்டாம் ஆண்டுத் தவணையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

கல்விக்கடன் முகாம்கள் குறித்த தங்கள் செய்தியில் கடன் ஒப்புதல் பற்றியே பேசப்பட்டிருந்தது. ஒப்புதல் கிடைத்தால் மொத்தப் பணமும் வந்துவிடாது. ஆண்டுக்கோ பருவத்துக்கோ தவணையாக, கல்லூரிக் கணக்குக்கே வங்கி அனுப்பும். இரண்டாம் ஆண்டில்தான் சிக்கல். முந்தைய பருவ மதிப்பெண் பட்டியலும் கல்லூரியின் கட்டணக் கடிதமும் தந்தால்தான் அடுத்த தவணை என்கிறது கிளை. தேர்வு முடிவு வருமுன்பே கட்டணக் கெடு முடிந்து, கல்லூரியில் அபராதம் ஏறத் தொடங்கிவிடுகிறது.

தண்டையார்பேட்டையில் வசிக்கும் எங்களுக்கு, மகளின் பொறியியல் படிப்பில் இதுவே நேர்ந்தது. நகையை அடகு வைத்துக் கட்டினோம். சரி, ரசீதைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று போனால், பெற்றோர் கணக்கில் போட மேலாளரின் தனி அனுமதி வேண்டுமாம். கடனுக்கு வட்டி ஒருபக்கம், அடகுக்கு வட்டி இன்னொரு பக்கம்! தேர்ச்சி பெறாதவருக்குப் பணம் போகக்கூடாது என்ற வங்கியின் கவலை நியாயமே. ஆனால் முடிவு வராதது மாணவரின் குற்றமா? தேர்வு நுழைவுச்சீட்டையும் படிப்புச் சான்றிதழையும் ஏற்றுத் தவணையை விடுவித்து, மதிப்பெண் பட்டியலைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். அதுவரை வங்கியின் ஒப்புதல் கடிதத்தை ஏற்று, கல்லூரிகள் அபராதத்தை நிறுத்திவைக்க உயர்கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

– ஒரு மாணவியின் தந்தை, தண்டையார்பேட்டை, சென்னை